‘போட்டாச்சு’ என்று டைப் அடிப்பதற்குப் பதில் ஒரு தட்டு: ஒரு தைராய்டு மாத்திரைப் பதிவு

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பல வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறார். மகன், அதாவது என் அண்ணன், புனேயில் வேலை பார்க்கிறார். தினமும் காலை ஆறரைக்கு அவரிடமிருந்து “மாத்திரை போட்டாச்சாம்மா?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும். “போட்டாச்சு” என்று பதில் வரும். அதைப் பார்த்து அண்ணன் ஒரு ஷீட்டில் அன்றைய தேதிக்கு டிக் போட்டுக்கொள்வார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

ஒரு ரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பு போதாதபோது ஏறும் டிஎஸ்எச் அளவு ஏறியிருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். தினமும் தவறாமல் போடுகிறீர்களா? போட்ட பிறகு எவ்வளவு நேரம் கழித்துக் காபி குடிக்கிறீர்கள்? முதல் கேள்விக்கு அண்ணனிடம் ஷீட் இருந்தது. ஒரு நாள் கூட விடுபடவில்லை. இரண்டாவதற்குப் பதில் யாரிடமும் இல்லை.

இந்த இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்றால், அவர் போடும் லெவோதைராக்ஸின் வெறும் வயிற்றில் போடவேண்டிய மருந்து. காபி, பால், சாப்பாடு எதுவானாலும் மாத்திரை உள்ளே போய் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிய வேண்டும். இல்லையென்றால் குடல் அதை முழுதாக உறிஞ்சாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆக இங்கே ‘போட்டாச்சா இல்லையா’ என்பது பாதிக் கணக்குதான். ‘எத்தனை மணிக்கு’ என்பது மீதிப் பாதி.

### புட்டி சொன்னது

பெரியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் புட்டி திறந்தால் அதன் லேபிளில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவிடுவார். முப்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை. அதை வைத்து ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினோம். நூறு மாத்திரைப் புட்டி, திறந்து 62 நாள் ஆகியிருந்தது. உள்ளே 38 இருக்க வேண்டும், இருந்தது 43. ஐந்து நாள் மாத்திரை உள்ளே போகவில்லை. அந்த ஐந்து நாளும் ஷீட்டில் டிக் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் “போட்டாச்சு” இருக்கிறது.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. எப்படி நடக்கிறது என்று அவரே சொன்னார். ஆறரைக்குச் செய்தி வரும்போது அவர் அடுப்படியில் இருப்பார், போன் படுக்கையறையில் சார்ஜில் இருக்கும். வாசல், பூஜை, சமையல் எல்லாம் முடித்து ஒன்பது மணிவாக்கில் போனை எடுத்தால் மகனுடைய கேள்வி நிற்கும். “தினமும் போடறதுதானே, இன்னிக்கும் போட்டிருப்பேன்” என்று பதில் போய்விடும்.

அந்தப் பதில் மாத்திரை போட்ட நினைவிலிருந்து வருவதில்லை, பழக்கத்தின் மேல் உள்ள நம்பிக்கையிலிருந்து வருகிறது. பழக்கம் உறுதியாக உறுதியாக இது மோசமாகும். ஏனென்றால் நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் மனதில் ஒரே மாதிரிதான் இருக்கும். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் எந்தப் பதிவு முறையிலும் இந்தக் கோளாறு உண்டு. கேள்வி வரும் நேரம் வேறு, காரியம் நடக்கும் நேரம் வேறு. இடையில் உள்ள இரண்டரை மணி நேரத்தில்தான் அந்த ஐந்து மாத்திரையும் தொலைந்தன.

### முதலில் விட்ஜெட்

டைப் அடிப்பது சிரமம், அதனால்தான் தள்ளிப்போடுகிறார் என்பது அண்ணனுடைய கணிப்பு. அதனால் முதலில் போன் முகப்பில் ஒரு பெரிய பச்சை பொத்தான் வைத்தோம். ஆண்ட்ராய்டு போன். மேக்ரோட்ராய்டு என்ற ஆப்பில் ஒரு விட்ஜெட் பொத்தானும், அதை அழுத்தினால் நடக்கவேண்டிய செயல்களும் அமைக்கலாம். அழுத்தினால் கூகுள் ஷீட்டில் ஒரு வரி, நேரத்தோடு விழும். வாட்ஸ்அப் திறந்து, மகன் பெயரைத் தேடி, தமிழ் விசைப்பலகைக்கு மாறி, எழுத்துக்கூட்டி அனுப்புவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஷீட்டைப் பார்த்தால் வரிகள் எல்லாம் எட்டே முக்காலிலிருந்து ஒன்பதே கால் வரை. பதில் அனுப்பிய அதே நேரம்! சிரமம் குறைந்தது உண்மை, பதிவு மட்டும் துளியும் நேர்மையாகவில்லை. போனை எப்போது எடுக்கிறாரோ அப்போதுதான் பொத்தானும் கண்ணில் படுகிறது. ஒரு தட்டு என்பதன் பயன் விரல் வேலை மிச்சமாவதில் இல்லை என்பது இங்கேதான் எங்களுக்கு உறைத்தது. தட்டவேண்டிய பொருள் மாத்திரையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

### டேக்கை எங்கே ஒட்டுவது

அப்படி ஒட்டிவைக்க வாங்கியதுதான் என்எஃப்சி டேக். அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்டிக்கர். உள்ளே ஒரு சின்ன சில்லும் அதைச் சுற்றிக் கம்பிச்சுருள் போன்ற ஆன்டெனாவும் இருக்கும். பேட்டரி கிடையாது. போனிலிருந்து வரும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, தன்னிடம் எழுதியிருப்பதைத் திருப்பிச் சொல்லும். ஓரிரு சென்டிமீட்டர் நெருக்கத்தில்தான் வேலை செய்யும். வாங்கும்போது `NTAG213` என்று கேட்டு வாங்கினால் போதும். அதில் 144 பைட் இடம் இருக்கிறது. ஓர் அடையாளமோ சின்ன இணைப்போ வைக்க அது தாராளம். `NTAG216` வாங்கி 888 பைட்டை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை.

போனில் வசதி உண்டா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். அமைப்புகளில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் `NFC` என்று ஒரு சுவிட்ச் இருந்தால் உண்டு. நம் ஊரில் விற்கும் குறைந்த விலை போன்கள் பலவற்றில் அது இருக்காது. பெரியம்மா வைத்திருப்பது அண்ணன் மாற்றியபோது கொடுத்த பழைய போன் என்பதால் இருந்தது.

அடுத்து இடம். மாத்திரைப் புட்டி அதுவரை அடுப்படி அலமாரியில் இருந்தது, காபி டப்பாவுக்குப் பக்கத்தில். அதை முதலில் படுக்கையறைக்கு மாற்றினோம். ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும்போது போன் எப்படியும் கையில் இருக்கும். ராத்திரி வைத்த செம்புத் தண்ணீர் பக்கத்தில் இருக்கும். அங்கேயே மாத்திரையைப் போட்டு, அங்கேயே தட்டிவிட்டு எழுந்தால் போன் தேடும் வேலையே இல்லை. நேர்மையாகச் சொன்னால், விடுபட்ட மாத்திரைகள் குறைந்ததில் டேக்குக்கு உள்ள பங்கைவிட இந்த இடமாற்றத்துக்கு உள்ள பங்கு அதிகமாகக்கூட இருக்கலாம்.

கட்டிலை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோவின் பக்கவாட்டில் ஒட்டச் சொன்னார் பெரியம்மா. ஒட்டினால் போன் அசையவே இல்லை. டேக் கெட்டுப்போனதோ என்று தோன்றும், கெடவில்லை. உலோகத்தின் மேல் காந்தப்புலம் படும்போது அதிலேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி, டேக்குக்குப் போகவேண்டிய புலத்தைத் தின்றுவிடும். ஆன்டெனாவின் சுருதியும் விலகிவிடும். சோதித்துப் பார்ப்பது எளிது. டேக்கைப் பிய்த்து ஒரு தடிமனான நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்துப் போனைக் காட்டினால் படிக்கும். பீரோவில்தான் வேண்டும் என்றால் அடியில் ஃபெரைட் தகடு வைத்த, உலோகத்துக்கென்றே செய்த டேக் கிடைக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பக்கத்தில் மரப்பலகை இருந்தது, அங்கே மாற்றினோம்.

அப்படியும் சில நாள் படித்தது, சில நாள் படிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமானது. பெரியம்மா போன் உறைக்குள் ஏடிஎம் கார்டைச் செருகி வைப்பவர். அது தட்டிப் பணம் கட்டும் வகைக் கார்டு. அதாவது அதற்குள்ளும் இதே அலைவரிசையில் பேசும் ஒரு சில்லு இருக்கிறது. போன் தன் முதுகில் ஒட்டியிருக்கும் கார்டோடு பேசிக்கொண்டிருக்கும்போது, வெளியே இருக்கும் டேக்கின் குரல் அதற்குக் கேட்பதில்லை. கார்டு பர்சில் இருந்த நாட்களில் படித்தது, உறைக்குள் இருந்த நாட்களில் படிக்கவில்லை. உறைக்குள் கார்டு வைத்த போன் காரணமில்லாமல் அவ்வப்போது ‘டிங்’ என்று சத்தம் போட்டால் இதைச் சந்தேகிக்கலாம். காந்த வளையம் வைத்த உறைகளும் கார் ஹோல்டருக்காக ஒட்டும் இரும்புத் தகடும் இதே தொல்லையைத் தரும்.

இன்னொன்று, போனில் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்பது. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் முதுகின் மேல்பாதியில், கேமராவுக்கு அருகிலோ சற்றுக் கீழேயோ இருக்கும். ஐபோனில் மேல் விளிம்பில். டேக்கின் மேல் போனை மெதுவாக நகர்த்தி, எங்கே அதிர்கிறதோ அந்த இடத்தில் உறையின் மேல் ஒரு பொட்டு ஒட்டிவிட்டோம். ஒட்டும் பொட்டுக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. “பொட்டை வட்டத்துல வை” என்பதோடு பயிற்சி முடிந்தது.

ஒரு தட்டு என்று சொல்கிறோமே, அது முழு உண்மையும் இல்லை. திரை அணைந்திருந்தால் ஆண்ட்ராய்டு டேக்கைப் படிக்காது; பூட்டியிருந்தாலும் வழக்கமாகப் படிக்காது. அலாரத்தை நிறுத்து, விரல் வைத்துப் பூட்டைத் திற, தட்டு என்று மூன்று படி இருக்கிறது. அலாரம் பூட்டுத் திரையின் மேலேயே வந்து நிற்பதால், அதை நிறுத்தியதும் போன் திறந்துவிட்டது என்று தோன்றும். திறந்திருக்காது. ஆரம்ப நாட்களின் “தட்டினேன், ஒண்ணும் ஆகலையே” எல்லாம் இதுதான்.

### தட்டினால் என்ன நடக்க வேண்டும்

டேக்கில் ஓர் இணைய முகவரியை எழுதி, தட்டியதும் அது குரோமில் திறந்து ஷீட்டில் வரி சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. தனி ஆப் வேண்டாம், பத்து நிமிட வேலை. அண்ணன் அப்படித்தான், கூகுள் ஷீட்டுக்கு நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் ஒரு முகவரி செய்து அனுப்பினார். அதில் மூன்று விதமாகப் பொய் வரிகள் விழுந்தன.

முதலாவது, முகவரியை அண்ணன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒட்டியபோதே ஷீட்டில் ஒரு வரி விழுந்தது. இணைப்புக்கு முன்னோட்டம் காட்டுவதற்காக வாட்ஸ்அப் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது; திறந்து பார்ப்பதே மாத்திரை போட்டதாகப் பதிவாகிறது. இரண்டாவது, குரோமில் அந்தப் பக்கம் ஒரு டேபாக அப்படியே நிற்கும். மதியம் சமையல் குறிப்பு பார்க்கக் குரோமைத் திறந்தால் பழைய டேப் மறுபடி ஏற்றப்பட்டு இன்னொரு வரி. மூன்றாவதுதான் மோசம். காலையில் கரண்ட் போய் வைஃபை இல்லாத நாளில் தட்டினால் குரோமில் டைனோசர் நிற்கும். பிறகு இணையம் வந்ததும் குரோம் தானாகவே அந்தப் பக்கத்தை மறுபடி ஏற்றும். ஐந்து நாற்பதுக்குப் போட்ட மாத்திரை ஏழே காலுக்குப் போட்டதாக ஷீட்டில் ஏறிவிடும். பார்க்க ஒழுங்கான வரி, சந்தேகமே வராது.

டேக்கில் எழுதியிருப்பது மாறாத முகவரி, அதில் நேரத்தைச் சேர்த்து அனுப்ப வழியில்லை என்பதுதான் அடிப்படைக் காரணம். நேரத்தைத் தட்டிய நொடியில் போனிலேயே குறிக்க வேண்டும். அதனால் குரோமை விட்டுவிட்டு மேக்ரோட்ராய்டுக்கே போனோம். அதில் டேக் தட்டப்பட்டதைத் தூண்டுதலாக வைத்து, நான்கு செயல்களை வரிசையாக அமைத்தோம். போனின் நேரத்தை ஒரு மாறியில் எடுத்துக்கொள். போனிலுள்ள ஒரு கோப்பில் ஒரு வரி எழுது. அந்த நேரத்தையும் வழியையும் `POST` கோரிக்கையாக ஷீட்டுக்கு அனுப்பு. குரலில் “பதிவாச்சு” என்று சொல். இணையம் இல்லாத நேரத்து வரி கோப்பில் இருக்கும். இணைப்பு வந்ததும் அனுப்ப இன்னொரு மேக்ரோ. ஷீட்டின் பக்கம் இவ்வளவுதான்:

```javascript
function doPost(e) {
  const lock = LockService.getScriptLock();
  lock.waitLock(10000);
  const t = new Date(Number(e.parameter.t) * 1000);
  SpreadsheetApp.openById('SHEET_ID')
    .getSheetByName('log')
    .appendRow([t, new Date(), e.parameter.via]);
  lock.releaseLock();
  return ContentService.createTextOutput('ok');
}
```

முதல் நெடுவரிசை தட்டிய நேரம், இரண்டாவது ஷீட்டுக்கு வந்த நேரம், மூன்றாவது டேக்கா விட்ஜெட்டா என்பது. இரண்டு நேரத்தையும் வைத்திருப்பது வீண் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் வித்தியாசம் இருந்தால் அன்று காலை இணையம் இல்லை என்று புரிந்துவிடும். முகவரியைத் திறந்தாலே ஓடும் `doGet` என்ற பகுதியை அடியோடு எடுத்துவிட்டதால் முன்னோட்டமும் பழைய டேபும் இனி எதையும் எழுத முடியாது. ஸ்கிரிப்ட்டைத் திருத்தினால் சேமித்தால் மட்டும் போதாது. வெளியீட்டில் புதுப் பதிப்பாக ஏற்றாதவரை `/exec` என்று முடியும் அந்த முகவரியில் பழைய நிரல்தான் ஓடும். திருத்தியும் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அதை.

அண்ணனிடம் ஐபோன். தன் வைட்டமின் மாத்திரைக்கு இதையே செய்துபார்த்தார். ஷார்ட்கட்ஸ் ஆப்பில் தானியங்கிச் செயலுக்குத் தூண்டுதலாக என்எஃப்சியை வைக்கலாம்; 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து நடக்கும். அது டேக்கில் எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை, டேக்கின் பிறவி எண்ணைத்தான் அடையாளம் வைக்கிறது. கேட்காமல் ஓடும்படி மாற்றிவிடுவது முக்கியம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஓர் அறிவிப்பைத் தட்டவேண்டி வரும்.

### இரண்டாவது தட்டு

ஒரே நாளில் இரண்டு வரி விழுந்தால் என்ன செய்வது? நான்கு மணி நேரத்துக்குள் வரும் மறுதட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். நிரல் எழுதுகிறவர்கள் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். மாத்திரை விஷயத்தில் அது சரிப்படாது. பெரியம்மா மறந்துபோய் உண்மையிலேயே இரண்டாவது மாத்திரை போட்டிருந்தால், நமக்குத் தெரியவேண்டிய ஒரே தடயம் அந்த இரண்டாவது வரிதான். அதனால் எல்லா வரியையும் சேமிக்கிறோம். நாளுக்கு ஒன்று என்று எண்ணுவது தனித் தாளில் நடக்கிறது. அன்றைக்கு ஏற்கெனவே வரி இருந்தால் போன் “பதிவாச்சு” என்று சொல்லாது; “இன்னிக்கு அஞ்சு நாற்பத்திரண்டுக்கே போட்டாச்சு” என்று சத்தமாகச் சொல்லும்.

இதை வைத்ததும் நாங்கள் எதிர்பாராத ஒரு பழக்கம் வந்தது. ‘போட்டேனா’ என்று சந்தேகம் வந்தால் பெரியம்மா டேக்கைத் தட்டிக் கேட்க ஆரம்பித்தார்! போட்டிருந்தால் போன் நேரத்தைச் சொல்லிவிடும், நல்லதுதான். போடாமல் இருந்தால்? கேட்பதற்காகத் தட்டியதே “பதிவாச்சு” என்று ஆகிவிடும். டேக்குக்கு எழுத மட்டும்தான் தெரியும், நிலைமையைக் காட்டத் தெரியாது. அதைக் காட்ட வேறு ஏதாவது வேண்டும். தட்டியதும் போனில் ஒரு நிலையான நோட்டிஃபிகேஷன் வரும்படி செய்தோம்: ‘இன்று 5:42’. நள்ளிரவில் அது ‘இன்று இன்னும் இல்லை’ என்று மாறும். கேட்பதற்குத் திரையைப் பார், சொல்வதற்கு டேக்கைத் தட்டு. கூடவே ‘கடைசியை அழி’ என்று ஒரு சின்ன விட்ஜெட் பொத்தான். அதுவும் உண்மையில் எதையும் அழிக்காது; ‘ரத்து’ என்று ஒரு வரி சேர்க்கும், அவ்வளவே.

தட்டும் வரிசையும் ஒரு பேச்சாக வந்தது. முதலில் தட்டிவிட்டுப் புட்டியைத் திறந்தால், நடுவில் வாசலில் பால்காரர் மணியடித்தால் பதிவு விழுந்திருக்கும், மாத்திரை உள்ளே போயிருக்காது. போட்டு, தண்ணீர் குடித்து, புட்டியை மூடிய பிறகுதான் தட்டவேண்டும் என்பது விதி. அது தவறினால் எந்தத் தொழில்நுட்பமும் கண்டுபிடிக்காது. புட்டியை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும்.

### காபி எத்தனை மணிக்கு

நோட்டிஃபிகேஷனில் இன்னொரு வரியும் சேர்த்தோம்: ‘காபி 6:27க்கு’. தட்டிய நேரத்தோடு நாற்பத்தைந்து நிமிடம் கூட்டிய கணக்கு. அந்த நேரம் வந்ததும் போன் “காபி குடிக்கலாம்” என்று சொல்லும். பெரியம்மாவை இந்த முறைக்குள் கொண்டுவந்தது இதுதான், என் கணிப்பில். அதற்கு முன்னால் பதிவு என்பது மகனுக்காகச் செய்யும் உபகாரம். பதில் அனுப்பாவிட்டால் மகன் கவலைப்படுவான் என்பதைத் தவிர அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. இப்போது தட்டினால்தான் காபி நேரம் தெரியும். முன்பெல்லாம் குத்துமதிப்பாக, டிகாஷன் இறங்கியதும் குடித்துவிடுவாராம். டிகாஷன் இறங்க ஆகும் நேரம் மாத்திரைக்குப் போதாது. டாக்டரின் இரண்டாவது கேள்விக்கு அப்படியாக ஒரு பதில் கிடைத்தது.

காபி டப்பா பக்கத்தில் இன்னொரு டேக் ஒட்டி, குடித்த நேரத்தையும் பதியலாம் என்று அண்ணனுக்கு ஆசை. “காபிக்கும் உனக்குக் கணக்கு எழுதணுமாடா?” என்று பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் பெரியம்மா கட்சி.

### வரி வராத நாள்

டைப் அடித்த பதிலில் ஒரு நல்ல குணம் இருந்தது. அதில் “இல்லடா, மறந்துட்டேன்” என்றும் சொல்லலாம். தட்டுக்கு ‘இல்லை’ சொல்லத் தெரியாது. வரி இல்லையென்றால் மாத்திரை போடவில்லையா, போட்டுவிட்டுத் தட்டவில்லையா, போன் சார்ஜ் இல்லையா, இணையம் இல்லையா? நான்கும் ஷீட்டில் ஒரே வெற்றிடம்தான்.

அதற்காக ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் காலை எட்டு மணிக்கு ஓடும் ஒரு நேரத் தூண்டுதல் வைத்தோம். அது எட்டு அடித்ததும் ஓடாது. எட்டிலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும். இந்த வேலைக்கு அது போதும். அன்றைய வரி இல்லையென்றால் அண்ணனுக்கு ஒரு மின்னஞ்சல் போகும், “வரி வரவில்லை” என்று மட்டும். பிறகு அண்ணன் போன் செய்து கேட்பார். தினமும் கேட்ட கேள்வி இப்போது வரி வராத நாளில் மட்டும், அதுவும் எழுத்தில் இல்லாமல் பேச்சில். காரணத்தை அவர் ஷீட்டில் கையால் எழுதுகிறார்: ‘காய்ச்சல்’, ‘போன் ரிப்பேர்’, ‘மறந்தது, பத்து மணிக்குப் போட்டது’. தட்டில் அடங்காத விஷயத்துக்கு டைப் அடிப்பது இன்னும் தேவைப்படுகிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் பதறவேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் ஏழு நாள் ஆகும். ஒரு நாள் விடுபட்டது அன்றே தெரியாது; அடிக்கடி விடுபட்டால்தான் ரத்தத்தில் தெரியும். அதனால்தான் மின்னஞ்சல் போதும் என்று வைத்தோம், அலறும் அலாரம் வைக்கவில்லை. ரத்த உறைவு, சர்க்கரை மாதிரி மருந்துகளுக்கு இதே ஏற்பாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போக நான் துணியமாட்டேன்.

விட்ஜெட்டை நீக்கிவிடவில்லை. மயிலாடுதுறையில் தங்கை வீட்டுக்குப் போனால் மரப்பலகை கூட வராது. புட்டியின் மூடியில் டேக் ஒட்டிப் பார்த்தோம். மூடி தட்டையாக இருப்பதால் படித்தது. புட்டியின் உடம்பில் ஒட்டியது வளைவினால் சரியாகப் படிக்கவில்லை. ஆனால் புட்டி தீர்ந்ததும் மூடியோடு டேக்கும் குப்பைக்குப் போய்விட்டது. ஆகவே வீட்டில் டேக், வெளியூரில் விட்ஜெட். மூன்றாவது நெடுவரிசையில் `widget` என்று வந்த நாட்களின் நேரத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கிறோம்.

### மறுபடியும் எண்ணியது

புதுப் புட்டி திறந்து ஆறு வாரம் கழித்து எண்ணினோம். நூறில் 42 போய் 58 இருக்கவேண்டும். 59 இருந்தது. ஆக உள்ளே போனது 41. ஷீட்டில் நாளுக்கு ஒன்று என்று எண்ணினால் 39 நாள். வரி இல்லாத மூன்று நாளில் இரண்டு நாள் போட்டுவிட்டுத் தட்டாதவை. அண்ணனுடைய குறிப்பில் ஒன்று ‘போன் ரிப்பேர்’, இன்னொன்று தீபாவளி எண்ணெய்க் குளியலன்று. மூன்றாவது நாள் உண்மையிலேயே விட்டுப்போனது, அதற்கும் குறிப்பு இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு வரி விழுந்தவை உண்டு; எல்லாம் ‘போட்டேனா’ என்று கேட்கத் தட்டியவை, நோட்டிஃபிகேஷன் வருவதற்கு முந்தையவை. இரண்டு மாத்திரை போன நாள் இருந்திருந்தால் இந்தக் கணக்கு இப்படி ஒட்டியிருக்காது.

பழைய பதிவு நூற்றுக்கு நூறு காட்டியது, புட்டியில் ஐந்து மாத்திரை மிச்சம் இருந்தது. புதிய பதிவில் ஓட்டை இருக்கிறது, ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. நேரங்களும் ஐந்து நாற்பதை ஒட்டியே நிற்கின்றன. டாக்டர் ஷீட்டைப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டாமல் அப்படியே தொடரச் சொன்னார், இன்னும் எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். டிஎஸ்எச் மாற்றம் தெளிவாகத் தெரிய அவ்வளவு நாள் ஆகும். அதனால் காபி இடைவெளி எவ்வளவு உதவியது என்பதை அந்த முடிவு வந்தபிறகுதான் பேச முடியும்.

ராத்திரி போடும் கால்சியம் மாத்திரைக்கும் சாப்பாட்டு மேசையில் ஒரு டேக் ஒட்டினோம். அந்த நேரத்தில் போன் சார்ஜில் வேறு அறையில் இருக்கும். எழுந்து போய் எடுத்துவரும் அளவுக்கு அவருக்கு அதில் எந்தப் பயனும் இல்லை. நிமிடக் கணக்கும் தேவையில்லை, தைராய்டு மாத்திரையிலிருந்து பல மணி நேரம் தள்ளித்தான் போடுகிறார். இரண்டு வாரத்தில் தட்டுவது நின்றுவிட்டது. மருந்துக்கடையில் விற்கும், கிழமை போட்ட ஏழு அறைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அறை காலியா இல்லையா என்று பார்த்தால் போதும்.